இங்கிலீஷுக்குக் கேட்ட ஒரு மணி நேரம்

என் தங்கை பத்தாம் வகுப்பு படித்த வருடம் நான் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். வேலை தேடிக்கொண்டிருந்தேன் என்று சொல்லலாம். உண்மையில் ஒரே நேரத்தில் ஆறு காரியங்களை ஆரம்பித்து ஆறையும் பாதியில் விட்டுக்கொண்டிருந்தேன். போட்டித் தேர்வுக்குப் படித்தேன், ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காகச் சுற்றினேன், போனில் கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்தேன். அப்படி வாசித்ததில்தான் ஒரு நாள் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாட்டைப் பற்றி ஒரு கட்டுரை அகப்பட்டது. அதிலிருந்த அறிகுறிப் பட்டியலில் ஒவ்வொரு வரியும் என் தங்கையைப் பார்த்து எழுதியதுபோல இருந்தது.

வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். பாப்பாவுக்குக் கணக்கு தண்ணீர்பட்ட பாடு. ஒரு கணக்கை வாயால் சொன்னால் நான் பேனாவைத் தேடுவதற்குள் விடை சொல்லிவிடுவாள். அதே கணக்கைப் புத்தகத்தில் காட்டினால் முகம் மாறிவிடும். தமிழை எழுத்துக்கூட்டியாவது இழுத்துவிடுவாள். இங்கிலீஷில் அதுவும் முடியாது. ஒரு எழுத்து ஒரு இடத்தில் ஒரு சத்தம், இன்னொரு இடத்தில் வேறு சத்தம், மூன்றாவது இடத்தில் சத்தமே கிடையாது. ஒரு பத்தியை முடிக்கக் கால் மணி நேரம் ஆகும். முடித்த பிறகு முதல் வரி மறந்திருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும்போது அவள் ஒரு வார்த்தையின் பாதியில் நிற்பாள். மீதிப் பாதியை நான் சொல்லிவிடுவேன். பிறகு ஒரு பெருமூச்சு விடுவேன். அது என் பழக்கம், அப்போது அதை நான் கவனித்ததுகூட இல்லை.

எட்டாவது வரைக்கும் எப்படியோ தள்ளிவிட்டார்கள். ஒன்பதாவதில் இங்கிலீஷ் டீச்சர் அப்பாவைக் கூப்பிட்டு, "கவனம் இல்லைங்க, வீட்ல டிவிய குறைங்க" என்றார். அப்பா சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து கேபிள் கனெக்‌ஷனைப் பிடுங்கினார். டிவி போனது. இங்கிலீஷ் வரவில்லை.

பாப்பாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பதினொன்றாம் வகுப்பில் கணக்கும் கம்ப்யூட்டரும் சேர்ந்த குரூப், அதே பள்ளியில். அதற்குப் பத்தாவதில் எல்லாப் பாடத்திலும் பாஸாக வேண்டும். மற்ற பாடங்களை மனப்பாடம் செய்து கரைசேர்ந்துவிடுவாள். இங்கிலீஷ் இரண்டாம் தாளில் பார்த்திராத பத்தி ஒன்று வரும், அதைப் படித்துத்தான் பதில் எழுத வேண்டும். அதை மனப்பாடம் செய்ய முடியாது.

கட்டுரையைப் படித்த மறுநாளே தலைமையாசிரியையின் அறைக்குள் நுழைந்துவிட்டேன். நவம்பர் மாதம். அவர் நான் பேசியதைக் கடைசி வரைக்கும் கேட்டார், அதுவே எனக்கு ஆச்சரியம்.

"டிஸ்லெக்சியான்னா சலுகை இருக்கும்மா. ஒரு மணி நேரம் கூடுதலா குடுப்பாங்க. தனி ரூம்ல ஒரு டீச்சர போட்டு கேள்விய படிச்சுக் காட்டுவாங்க, சொல்றத எழுதவும் செய்வாங்க. வேணும்னா ஒரு மொழிப்பாடத்தையே எழுத வேண்டாம்னு விலக்கும் கேக்கலாம்."

"அவ்ளோ ஈஸியா மேடம்?"

"ஈஸின்னு நான் சொல்லல. இத நானா குடுக்க முடியாது. டாக்டர் சர்டிபிகேட்டோட நான் அனுப்பணும். கடலூர்ல சிஇஓ ஆபீஸ், அதான் முதன்மைக் கல்வி அலுவலர், பரிந்துரை பண்ணி, மெட்ராஸ்ல தேர்வுத்துறை ஆர்டர் போடணும். ஆர்டர் இல்லாம ஹால்ல ஒரு நிமிஷம்கூட கூட்டிக் குடுக்க மாட்டாங்க." ஒரு சுற்றறிக்கையின் நகலை எடுத்து நீட்டினார். "நிதானமா படிச்சுப் பாரு."

இரண்டு பக்கம். ஸ்கூட்டியில் உட்கார்ந்தபடியே ஒரு நிமிடத்தில் படித்து முடித்தேன்.

வீட்டில் முதல் சண்டை அந்த விலக்கைப் பற்றித்தான். அம்மா, "எழுதவே வேண்டாம்னா நிம்மதிதானே" என்றாள். அப்பா யோசித்தார். பாப்பாதான் ஒரேயடியாக மறுத்தாள்.

"இங்கிலீஷே எழுதாதவன்னு காலம் பூரா மார்க் ஷீட்ல இருக்கும். எனக்குப் பதில் தெரியும்க்கா. கேள்விய யாராவது படிச்சா போதும். டைம் குடுத்தா போதும்."

"சரி. டைம் கேப்போம், படிச்சுக் காட்ட ஆள் கேப்போம்," என்றேன், ஏதோ என் பையில் இரண்டும் இருப்பதுபோல.

அடுத்த மூன்று வாரம் நான் பறந்தேன். டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் டாக்டரைப் பார்த்தோம். அவர் பாண்டிச்சேரியில் ஒரு மனநல ஆலோசகருக்கு எழுதிக்கொடுத்தார். இரண்டு முறை போனோம். அந்த அம்மா பாப்பாவைப் படிக்க வைத்தார், எழுத வைத்தார், படங்களைக் காட்டிக் கேள்வி கேட்டார். வெளியே வந்து, "அறிவுல ஒரு குறையும் இல்ல, நல்ல கூர்மை. படிக்கிறதுலதான் சிக்கல்" என்றார். பாப்பா பஸ்ஸில் வடலூர் வரைக்கும் அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். "கூர்மைன்னு சொன்னாங்கல்ல? அப்பாகிட்ட அந்த வார்த்தையையே சொல்லு."

அறிக்கையைக் கொண்டுபோய்த் தந்ததும் டவுன்ஷிப் டாக்டர் தன் லெட்டர்பேடில் சர்டிபிகேட் எழுதி சீல் வைத்தார். கையெழுத்துப் போடும்போது, "இது போதுமான்னு ஸ்கூல்ல ஒரு தடவ கேட்டுக்கோங்க" என்றார். நான் "போதும் சார்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போது வரைக்கும் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன்.

டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களுக்கு அது புரியும். எங்களுக்கு வீடு கம்பெனி கொடுத்தது. தண்ணீர், கரண்ட், பஸ், பார்க், எல்லாம் அங்கேயேதான். பாப்பா பிறந்தது அந்த ஆஸ்பத்திரியில்தான். காய்ச்சல் என்றால் அப்பாவின் மெடிக்கல் புக்கை எடுத்துக்கொண்டு அங்கேதான் ஓடுவோம். கம்பெனியே அரசாங்கத்தினுடையது, அதன் ஆஸ்பத்திரி அரசு ஆஸ்பத்திரி இல்லாமல் வேறென்ன? கடலூரில் வேறொரு அரசாங்கம் இருக்கிறது, அதற்கென்று ஓர் ஆஸ்பத்திரியும் ஒரு மருத்துவக் குழுவும் இருக்கின்றன என்பது எனக்குத் தோன்றவே இல்லை. பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் யாரைக் கேட்டிருந்தாலும் சட்டென்று சொல்லியிருப்பார்கள்.

டிசம்பரில் விண்ணப்பம் போனது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நான் வேறு ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன்.

பொங்கல் முடிந்து பத்து நாள் கழித்துப் பள்ளியிலிருந்து போன். ஆபீஸ் கிளார்க் பண்ருட்டிப் பக்கத்துக் காடாம்புலியூர்க்காரர். கவரை மேசையில் வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இன்னாம்மா இது, கம்பெனி ஆஸ்பத்திரி சீல வச்சிகினு வந்து குடுத்திருக்கீங்க? திருப்பி அனுப்பிட்டான் பாருங்க."

"அது கவர்மென்ட் கம்பெனிதானே சார்?"

"கம்பெனி கவர்மென்ட்டு கம்பெனிதாங்க. ஆஸ்பத்திரி கவர்மென்ட்டு ஆஸ்பத்திரி இல்லிங்களே. மாவட்ட தலைமை மருத்துவமனையில மெடிக்கல் போர்டு உக்காந்து குடுக்கணும். அந்தப் பேப்பர்லயே போட்டிருக்குதே, படிக்கலயா நீங்க?"

சுற்றறிக்கையை அவரே எடுத்து விரலால் தொட்டுக் காட்டினார். இரண்டாம் பக்கம், மேலிருந்து நான்காவது வரி. நான் படித்திருந்தேன். படித்ததும் என் மனம் தானாகவே அந்த வரிக்கு எங்கள் ஆஸ்பத்திரியின் முகத்தைப் போட்டுக்கொண்டு தாண்டியிருந்தது. தங்கைக்குப் படிக்கும்போது எழுத்து நகர்கிறது என்று ஊரெல்லாம் விளக்கம் சொல்லித் திரிந்தவள் நான். எனக்கு ஒரு முழு வரியே நகர்ந்திருந்தது.

"நான் அனுப்பும்போதே பாத்திருக்கணும், என் தப்பும் இருக்கு" என்றார் தலைமையாசிரியை. அவர் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "இன்னும் நாள் இருக்கு. புதுசா வாங்கிட்டு வா, அன்னைக்கே அனுப்பறேன்."

கடலூரில் மருத்துவக் குழு வாரத்தில் ஒரு நாள்தான் கூடும், புதன்கிழமை. முதல் புதன்கிழமை பாப்பாவுக்குத் திருப்புதல் தேர்வு. அதை விட்டுவிட்டுப் போனோம். குழுவில் இருந்த மனநல மருத்துவர் பாண்டிச்சேரி அறிக்கையைப் பொறுமையாகப் புரட்டினார். "பிரைவேட் ரிப்போர்ட்ட வச்சு நாங்க சர்டிபிகேட் குடுக்க முடியாதும்மா. நாங்களும் டெஸ்ட் பண்ணணும். இன்னிக்கி நாப்பது பேரு இருக்காங்க. அடுத்த வாரம் காலைல எட்டுக்கெல்லாம் வந்துடுங்க."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. வராந்தாவில் கையில்லாதவர்கள், கண் தெரியாதவர்கள், மகனை முதுகில் தூக்கி வந்த ஓர் அம்மா. அவர்களுக்கு நடுவில் பாப்பா யூனிஃபார்மில் நின்றாள். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், "உனக்கு இன்னாம்மா?" என்று கேட்டார். பாப்பா என்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம், "எனக்குப் படிக்க வராதுங்க" என்றாள்.

"அதுக்கெல்லாமா சர்டிபிகேட்டு குடுக்குறான்?" அவர் சிரித்துவிட்டார். "அப்ப எங்க ஊர்ல பாதிப் பேருக்கு வாங்கலாமே."

பாப்பாவும் சிரித்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

அடுத்த புதன் டெஸ்ட். அதற்கடுத்த புதன் குழுவின் மூன்று டாக்டர்களின் கையெழுத்துகளும் சேர்ந்து சர்டிபிகேட் கைக்கு வந்தது. அன்று மாலையே தலைமையாசிரியை அனுப்பினார். பிப்ரவரி மூன்றாவது வாரம். அதன்பிறகு செய்வதற்கு எதுவுமே இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. சிஇஓ ஆபீசுக்கு இரண்டு முறை போனேன். "பரிந்துரை பண்ணி மெட்ராஸுக்கு அனுப்பியாச்சு" என்று பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்கள். மெட்ராஸ் நம்பருக்கு அடித்தேன். எடுத்தவர்கள் பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்டேன். நாளைக்குக் கூப்பிடுங்கள் என்றார்கள்.

மார்ச் வந்தது. ஹால் டிக்கெட் வந்தது. தமிழ் இரண்டு தாளும் முடிந்தன. ஆர்டர் வரவில்லை.

இங்கிலீஷ் முதல் தாளுக்கு முந்தின நாள் தலைமையாசிரியையின் வீட்டுக்கே போய் நின்றேன். "மேடம், நம்ம ஸ்கூல்தானே சென்டர். நீங்க ஒரு வார்த்த சொன்னா..."

"நாளைக்கு நான் இந்த ஸ்கூல்லயே இருக்க மாட்டேன்மா. எனக்கு வேற ஊர்ல டியூட்டி. இங்க வர்றவங்க யாருன்னு எனக்கே தெரியாது. ஹால்ல நிக்கிற டீச்சரும் வெளி ஸ்கூல்தான். பேப்பர் இல்லாம அவங்க கேள்விய வாய்விட்டுப் படிச்சா அவங்க வேலைக்கு ஆபத்து." பிறகு, "நான் மாட்டேன்னு சொல்லலம்மா. என் கையில இல்ல" என்றார்.

மறுநாள் காலையில் கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு நின்றேன். முதல் பத்து நிமிடம் வினாத்தாளைப் படிப்பதற்கு என்று தனியாக ஒரு மணி அடிப்பார்கள். அந்த மணி அடித்ததிலிருந்து போனில் நேரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பத்து நிமிடத்தில் அவள் இரண்டாவது கேள்வியில் இருப்பாள், எல்லோரும் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்திருப்பார்கள். உள்ளே போய் ஒரே ஒரு முறை அந்தத் தாளை அவள் காதருகில் படித்தால் போதும். நான்கு நிமிடத்தில் படித்துவிடுவேன். சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு என் வேகத்தை வைத்து என்ன செய்வது?

வெளியே வந்தவள், "பாடத்துல இருந்து வந்ததெல்லாம் எழுதிட்டேன். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில்னு கண்டுபிடிக்கத்தான் லேட்டாச்சு" என்றாள்.

இரண்டு நாள் கழித்து, வியாழக்கிழமை, இரண்டாம் தாள். வெளியே வந்து நேராக ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்தாள். இரண்டு பிளாக் தாண்டிய பிறகு, "பத்தி முழுசா படிச்சு முடிச்சேன்க்கா. படிச்சு முடிக்கும்போது பேப்பர வாங்கிட்டாங்க" என்றாள். நான் வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்பி அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஆர்டர் கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் மத்தியானம் வந்தது. தலைமையாசிரியைதான் போன் செய்தார். குரலில் சந்தோஷம் இல்லை. "வந்துடுச்சும்மா. ஒரு மணி நேரம் கூடுதல், கேள்விய படிக்கவும் சொல்றத எழுதவும் ஒரு டீச்சர், எல்லாமே. மீதிப் பரீட்சைக்கு செல்லும்."

"இங்கிலீஷ்?"

"அது நடந்து முடிஞ்ச பரீட்சை."

மறுநாள் பாப்பாவுக்குக் கீழ்த்தளத்தில் தனி அறை. கணக்குத் தேர்வு என்பதால் கணக்கு டீச்சரை விடாமல் ஒரு தமிழ் டீச்சரைப் போட்டிருந்தார்கள். பாப்பா, "நீங்க படிச்சா போதும் மிஸ், நானே எழுதிக்கிறேன்" என்றிருக்கிறாள். எல்லோருக்குமான நேரம் முடிவதற்குள் அவள் முடித்துவிட்டாள். மற்ற பிள்ளைகள் வெளியே வரும்போதே அவளும் வந்தாள். நான் கையில் தண்ணீர் பாட்டிலுடன் இன்னும் ஒரு மணி நேரம் நிற்கத் தயாராக இருந்தேன்.

"ஏன்டி வந்துட்ட? டைம் இருக்குதே!"

"முடிஞ்சிருச்சே. அந்த மிஸ்கிட்ட கேட்டேன், இந்த ஒரு மணி நேரத்த வியாழக்கிழமை எழுதுனதுக்குப் போட்டுக்க முடியுமான்னு. 'போடி வாயாடி'ன்னாங்க." சிரித்தாள். பிறகு தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னாள்: "ஒரு கேள்விய நாலு தடவ படிக்கச் சொன்னேன்க்கா. நாலு தடவயும் படிச்சாங்க. பெருமூச்சே விடல."

அவள் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அது அவளுக்கு ஓர் அதிசயம், அவ்வளவுதான். நான் ஸ்கூட்டி சாவியைப் பையில் தேடுவதுபோலத் தேடிக்கொண்டே இருந்தேன்.

மே மாதம் ரிசல்ட். கணக்கில் தொண்ணூற்றாறு. இங்கிலீஷில் முப்பத்தொன்று. முப்பத்தைந்து எடுத்திருந்தால் பாஸ்.

அப்பா ஷிப்டுக்குப் போகவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, கேபிளைப் பிடுங்கிய சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு மார்க்" என்று ஒரே ஒரு முறை சொன்னார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "ஓடியாடி எல்லாம் பண்ணுன. பாவம், நீ என்ன பண்ணுவ" என்றார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

துணைத் தேர்வு இருந்தது. அதற்கு மறுபடியும் விண்ணப்பம், மறுபடியும் பரிந்துரை. முதல் ஆர்டர் மார்ச் தேர்வுக்கு மட்டும்தான் என்று கிளார்க் சொன்னார். இந்த முறை ஒவ்வொரு தாளையும் அவரும் நானுமாகச் சேர்ந்து வரிக்கு வரி பார்த்தோம். "நல்லா படிச்சிகினு அப்பறமா கையெழுத்துப் போடுங்க" என்று அவர் இரண்டு தடவை சொன்னார். ஆர்டர் தேர்வுக்கு நாலு நாள் முன்பே வந்துவிட்டது. பாப்பா இரண்டு தாளையும் தனி அறையில் எழுதினாள், இரண்டாம் தாளுக்குக் கூடுதல் ஒரு மணி நேரத்தையும் முழுசாக எடுத்துக்கொண்டாள். மற்ற பிள்ளைகள் எல்லோரும் போன பிறகு அந்த மைதானத்தில் நான் மட்டும் நின்றேன். வெளியே வந்தபோது அவள் முகம் வியர்த்திருந்தது. "அந்தப் பத்தி ஒரு ஆமையப் பத்திக்கா" என்றாள். இங்கிலீஷில் ஒரு பத்தி எதைப் பற்றியது என்று அவள் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

ஐம்பத்திரண்டு மார்க்.

அந்த மார்க்கை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனபோது ஜூலை கடைசி. பதினொன்றாம் வகுப்புகள் தொடங்கி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. தலைமையாசிரியை கம்ப்யூட்டர் குரூப்பின் பெயர்ப்பட்டியலை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். கடைசி எண்ணுக்குக் கீழே இடம் இல்லை.

"ஒரு பெஞ்ச் கூடப் போட முடியாதா மேடம்?" என்று கேட்டேன். எனக்கே தெரிந்த பதிலுக்காகத்தான் கேட்டேன்.

"அனுமதிச்ச எண்ணிக்கைக்கு மேல ஒரு பேரு சேத்தாலும் கேள்வி வரும்மா. வெயிட்டிங்லயே பதினோரு பேர் இருக்காங்க, எல்லாரும் மார்ச்லயே பாஸானவங்க." பாப்பாவைப் பார்த்தார். "வணிகவியல்ல ரெண்டு சீட் இருக்கு. சேந்துக்கறியாம்மா?"

டவுன்ஷிப்புக்குள் வேறு பள்ளிகளிலும் கேட்டோம். வடலூரில் கேட்டோம். எங்கும் அதே பட்டியல், அதே கடைசி வரி. ஒரு வருடம் சும்மா இருந்து அடுத்த ஜூனில் சேரலாமா என்று நான் ஆரம்பித்தேன். எனக்குள் அடுத்த திட்டம் அதற்குள் ஓடத் தொடங்கிவிட்டது. பாப்பா, "நீ கொஞ்சம் சும்மா இரு, அக்கா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னாள்.

வணிகவியலில் சேர்ந்தாள். முதல் நாள் சாயங்காலம் புத்தகங்களைக் கொண்டுவந்து மேசையில் அடுக்கினாள். ஒன்றை எடுத்து நடுவில் பிரித்தாள், இன்னொன்றைப் பிரித்தாள். கணக்குப் புத்தகத்தில் இருப்பதுபோல நடுவில் வெள்ளை இடமோ எண்களோ இல்லை.

"எல்லாமே பத்தி பத்தியா இருக்குக்கா" என்றாள்.

நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் பாடத்தை உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். இரண்டு வரி போனதும் அவள் என் கையைத் தொட்டாள்.

"மெதுவா."